பினாங்கு நூலக டிசைன்: தடித்த சுவரா, காற்றுக்கூண்டா?

"ஜார்ஜ்டவுனில் 80 சதுர மீட்டர் நூலகம், ஸ்டூடியோ பிராஜெக்ட். தடித்த செங்கல் சுவரும் 6 மீட்டர் காற்றுக்கூண்டும் வைத்தால் ஏர்கான் இல்லாமல் சமாளிக்க முடியுமா?"

சூடான காற்று மேலே ஏறி வெளியேறும் அந்தக் கூண்டை வைத்துக்கொள்ளுங்கள், தடித்த சுவரை விடுங்கள். பகலில் சுவர் வாங்கும் சூட்டை இரவுக் குளிர்ச்சி வெளியேற்ற வேண்டும். பினாங்கில் பகல் சுமார் 32, இரவு 24 டிகிரி, அந்த வித்தியாசம் போதாது. சுவரைக் குளிரவைக்க இரவில் ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்று உள்ளே வந்து, அந்த ஈரத்தைப் புத்தகங்கள் உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். அலமாரிக்குப் பின்னால் வரும் புழுங்கல் வாடைதான் முதல் அடையாளம்.

கூண்டின் கணக்கு இது. கீழே, மேலே தலா 1.5 சதுர மீட்டர் திறப்பு, இடையே 6 மீட்டர் உயரம், உள்ளே 3 டிகிரி கூடுதல் சூடு என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 0.7 கன மீட்டர் காற்று நகரும். அது வெளியேற்றும் வெப்பம் சுமார் 2.5 கிலோவாட். இருபது பேரும் விளக்கும் அதில் அடங்கும். வெயில் பட்ட ஓட்டுக்கூரை அடங்காது. கொசுவலை போட்டால் ஓட்டம் இன்னும் குறையும், திறப்பைப் பெரிதாக்குங்கள். உள்ளே எப்போதும் வெளியைவிடச் சூடுதான், அதனால் மின்விசிறி கட்டாயம்.

ஆகவே செலவை நிழலில் போடுங்கள். கூரைக்கடியில் இன்சுலேஷன் வேண்டும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே 61 டிகிரி உயரத்தில் நிற்கும், 1.5 மீட்டர் ஜன்னலுக்கு 85 செ.மீ. தாழ்வாரம் போதும். ஜூனில் அது வடக்கே போய்விடும், அந்தப் பக்கத்தையும் மறக்காதீர்கள். மேற்கில் தாழ்வாரம் உதவாது: பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடி நடைபாதை மாதிரி ஆழமான வராந்தா, அல்லது ஜன்னலே வேண்டாம்.