பிரிந்து ஆறு வாரத்தில் புது உறவு: இது காதல்தானா?

"நாலு வருஷக் காதல் முறிந்து ஆறே வாரத்தில் இன்னொருவரோடு பழக ஆரம்பித்துவிட்டேன். இப்போது மூன்று மாதம் ஆகிறது. அவர் மெசேஜ் வந்தால் மனசு லேசாகிறது, ஆனால் பழையவன் ஞாபகமும் போகவில்லை. இவர்மேல் எனக்கு இருப்பது நிஜமா, வெறும் ஆறுதலா?"

ஆறு வாரக் கணக்கை முதலில் விடுங்கள். கிளாடியா பிரம்பா, கிறிஸ் ஃபிரேலி என்ற உளவியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிந்த கையோடு அடுத்த உறவுக்குப் போனவர்கள் தன்னம்பிக்கையிலும் மனநிலையிலும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேலாகவே இருந்தார்கள். (தெம்பாக இருந்தவர்கள்தான் சீக்கிரம் போனார்களோ என்னவோ, அதை இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.) பழையவர் நினைவுக்கு வருவதும் பெரிய விஷயமில்லை, நாலு வருஷப் பழக்கம் மூன்று மாதத்தில் எங்கே போகும்?

நான் கவனிக்கச் சொல்வது, புதியவரை மனசு தேடுகிறதே, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்பதை. இரண்டு வாரத்துக்கு, அவருக்கு போன் போடக் கை பரபரக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தைய ஐந்து நிமிஷத்தை ஒரே வரியில் குறித்து வையுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண் இப்படி எழுதியதில் பதினொரு வரி சேர்ந்தது. அதில் எட்டு, 'அவன் ஸ்டேட்டஸ் பார்த்தேன்' அல்லது 'தூக்கம் வரலை' என்கிற ரகம். மீதி மூன்றுதான் வேறு மாதிரி: ஆபீஸில் நடந்த ஒரு கூத்தை இவரிடம் சொல்லிச் சிரிக்கணும் போலிருந்தது, இவருடைய தேர்வு என்னாச்சு என்று கேட்கத் தோன்றியது, அப்படி. "அப்போ எட்டுக்கு மூன்று, பொய்தானே?" என்றார். அவசரப்படாதீர்கள் என்றேன். முதலில் பழையவரின் ஸ்டேட்டஸ் கண்ணில் படாதபடி மறைக்கச் சொல்லி, மறுபடி இரண்டு வாரம் எழுதச் சொன்னேன். வலி கிளறப்படாத நாட்களிலும் இவரைத் தேடுகிறதா என்று அப்போதுதானே தெரியும்? இரண்டாவது தடவை மொத்தமே ஆறு வரிதான். அதில் ஐந்து, இவரைப் பற்றியவை.

உங்களுக்கு நேர்மாறாகவும் வரலாம். வலி அடங்க அடங்க அவரைத் தேடுவதும் குறைந்துகொண்டே போனால், அவர் உங்களுக்கு மருந்தாக இருந்திருக்கிறார். இன்னொன்றும் பாருங்கள். அவருக்குக் காய்ச்சல், எரிச்சலாகப் பேசுகிறார், உங்களுக்கு ஆறுதல் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. அன்றைக்கு அவர்மேல் அக்கறை வருகிறதா, இல்லை ஏமாந்த மாதிரி கோபம் வருகிறதா? மூன்று மாதத்தில் அப்படி ஒரு நாளாவது வந்திருக்குமே. வராவிட்டால் நீங்கள் அவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பேன்.

குறிப்பு எழுதும் இந்த நாட்களில் கல்யாணம், ஒரே வீடு என்கிற பேச்சை எடுக்க வேண்டாம். ஆனால் அவரிடம் மறைக்கவும் வேண்டாம். "நான் இன்னும் முழுசாக வெளியே வரலை, கொஞ்சம் மெதுவாகப் போகலாமா" என்று சொல்லிவிடுங்கள், அவரும் யோசித்து முடிவெடுக்க வேண்டியவர்தானே.