கவிதையில் பேசும் ‘நான்’, வீட்டில் இருக்கும் அம்மா

அன்புள்ள ஆலோசகருக்கு,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் தண்டலாக இருந்த அப்பா சம்சு குடித்துவிட்டு அம்மாவை அடித்ததையும், அம்மா தாலியை அடகு வைத்ததையும் கவிதையாக எழுதினேன். அம்மா சாகத் துணிந்து ஆற்றங்கரை வரை போனதாக வருவது மட்டும் கற்பனை. அப்பா இறந்துவிட்டார். கவிதை ஒரு தொகுப்பில் வரப்போகிறது. “அதில் பேசுவது நானில்லை” என்றால் அண்ணன் கேட்பதாக இல்லை. இரவில் தூக்கமே வருவதில்லை.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் சொல்வது இலக்கியப்படி சரிதான். சங்கப் புலவர்களில் எத்தனையோ ஆண்கள் தலைவி கூற்றாகப் பாடியிருக்கிறார்கள். அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தின் ‘டாடி’ கவிதையில் வரும் தகப்பன் நாஜி. பிளாத்துக்கு எட்டு வயதாகும்போது இறந்த அவருடைய தந்தையோ நாஜி அல்லாத ஒரு பேராசிரியர். ஆனால் இந்த நியாயம் எழுதியவருக்குத்தான் துணை நிற்கும். அம்மாவை அடையாளம் கண்டுகொள்கிறவர்களை அது தடுக்காது.

அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். நெடுநல்வாடையில் பெயரே இல்லை. இருந்தும் வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிவிடுகிறது என்று சொல்லி உரையாசிரியர் அதைப் புறத்தில் சேர்த்தார். உங்கள் கவிதையில் ‘தண்டல்’ என்பதுதான் அந்த வேம்பு. உங்கள் தோட்டத்துக்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

ஆள் தெரிகிற இடத்தில் கற்பனை கலந்தால் அதுவும் நடந்ததாகிவிடும். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவெல் 1973-இல் வெளியிட்ட ‘தி டால்பின்’ கவிதை நூலில், பிரிந்த மனைவியின் கடிதங்களைத் திருத்திச் சேர்த்தார். உண்மையையும் புனைவையும் அப்படிக் கலப்பது தவறு என்று தோழி எலிசபெத் பிஷப் முன்பே எழுதியிருந்தார். எது தன் சொல், எது லோவெலின் சொல் என்று அந்த மனைவி ஒவ்வொருவரிடமும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆற்றங்கரை வரி வந்தால் உங்கள் அம்மாவுக்கும் அதே கதிதான். கோயிலில் நாலு பேர் அவரை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

அதனால் அந்த வரியை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், நீங்களே கண்டதா, அம்மா நம்பிச் சொன்னதா என்று குறியுங்கள். கண்டதை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. தாலி அடகுக்குப் போனது அம்மா சொல்லித்தான் தெரியும் என்றால் அவரைக் கேட்காமல் போடாதீர்கள். ‘தண்டல்’ இல்லாமலும் கவிதை நிற்கிறதா என்று படித்துப் பாருங்கள். நின்றால் அதையும் எடுத்துவிடலாம்.

அடுத்து, அண்ணன் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு முழுக் கவிதையையும் வாசித்துக் காட்டுங்கள். “உன் இஷ்டம்” என்று அவர் சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் விட்டு, “எந்த வரி உறுத்துகிறது?” என்று கேளுங்கள். அவர் காட்டும் வரியை நீக்கினால் கவிதை விழுந்துவிடும் என்றால், தொகுப்பாசிரியரிடம் சொல்லி வேறொரு கவிதையைக் கொடுங்கள். இதற்காக அச்சுக்குப் போகும் தேதியை இன்றே கேட்டு வையுங்கள்.

அம்மாவிடம் பேசிய பிறகும் இரண்டு வாரம் தூக்கம் வராவிட்டால் கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள்.