டில்ட்-ஷிஃப்ட்: கிரேனின் தலை ஏன் கரைந்துபோகிறது

கேள்வி: ட்ரோனில் எடுத்த படத்துக்கு டில்ட்-ஷிஃப்ட் தோற்றம் கொடுக்க மேலேயும் கீழேயும் மங்கலாக்கி, நடுவில் மட்டும் தெளிவாக விட்டேன். பொம்மை ஊர் மாதிரி வரவில்லை, ஃபோகஸ் தப்பிய படம் மாதிரிதான் இருக்கிறது. எங்கே தப்பு?

உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அதில் உயரமாக ஏதோ ஒன்று நிற்கிறது, ஒரு கோபுரமோ மரமோ அடுக்குமாடியோ, அதன் கால் தெளிவாகவும் தலை மங்கலாகவும் இருக்கிறது என்று துணிந்து சொல்வேன். இதே தப்பை நான் ஒரு வருடம் செய்திருக்கிறேன். அந்த ஒரு வருடமும் படத்தை இன்னும் மங்கலாக்கினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் எந்த பட்டனை அழுத்தியும் பலன் இல்லை. மேசைமேல் இருக்கும் சின்ன மாதிரி ஊரை கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் படம் எடுத்தால் கொஞ்ச ஆழம்தான் தெளிவாக விழும், அதற்கு முன்னும் பின்னும் இருப்பது சட்டென்று மங்கிவிடும். அந்த மங்கலைக் கண்டதும் நம் கண் "இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அப்படியென்றால் சின்னப் பொருள்தான்" என்று எடுத்துக்கொள்கிறது. ஆக மங்கல் தூரத்தைப் பொறுத்தது. படத்தில் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அல்ல. சாய்வாக எடுத்த படத்தில் தரை மட்டும் மேலே போகப் போகத் தூரமாகிறது, அதனால்தான் மேலும் கீழும் மங்கலாக்கும் தந்திரம் தரைக்குப் பலிக்கிறது. தரையிலிருந்து எழுந்து நிற்கும் பொருளுக்கு அது பலிக்காது. அதன் தலை படத்தில் மேலே இருந்தாலும், தூரத்தில் அது கால் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கிறது. (கேமரா குனிந்து பார்ப்பதால் தலை உண்மையில் கொஞ்சம் கிட்டே கூட வரும். அந்த நுணுக்கத்தை நான் விட்டுவிடுவேன், கண்ணுக்கு உறுத்துவதில்லை.)

இப்போது என் கதை. ஒரு கட்டுமான இடத்தை, அங்கே வேலை எடுத்திருந்தவர் கேட்டுக்கொண்டதால், ட்ரோனில் எடுத்தேன். பொம்மைத் தோற்றத்துக்கு அதைவிட நல்ல காட்சி கிடைக்காது. மஞ்சள் டவர் கிரேன், மணல் குவியல்கள், வரிசையாக லாரிகள், அரைகுறையாக எழும்பிய கட்டடம், அங்கங்கே ஹெல்மெட் போட்ட ஆட்கள். அடிவானம் படத்துக்குள் வராமல், கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்தேன். 4000-க்கு 3000 பிக்சல் படம். அதை முதலிலேயே 1600-க்கு 1200 ஆகச் சுருக்கிக்கொண்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். பெரிய படத்தில் போதும் என்று தோன்றும் மங்கல், சுருக்கியபின் காணாமலே போய்விடும். அகலத்தில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, 1600-க்கு ஏறக்குறைய 14 பிக்சல், எனக்கு மங்கலின் உச்ச அளவாகச் சரியாக வந்தது.

நடு வரிசை, அதாவது மேலிருந்து 600-ஆவது பிக்சல் வரிசை, தெளிவாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அங்கிருந்து மேலும் கீழும் மங்கல் சீராக ஏறி ஓரத்தில் உச்சத்தைத் தொட வேண்டும். "நடுவில் அகலமான பட்டை முழுக்கத் தெளிவாக, அப்புறம் திடீரென்று மங்கல்" என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தப்பு என்று சண்டைக்கு வரவில்லை, ஆனால் சமதரையைப் பார்க்கும் லென்ஸ் அப்படி நடந்துகொள்ளாது. ஃபோகஸ் விழுந்த வரிசையிலிருந்து எத்தனை வரிசை தள்ளிப் போகிறோமோ அதே விகிதத்தில்தான் மங்கல் கூடும். நடுவில் ஒரு பட்டை தெளிவாகத் தெரிவது, அங்கே மங்கல் கண்ணுக்குப் பிடிபடாத அளவு சின்னதாக இருப்பதால்தான்.

அந்த முறையில் மங்கலாக்கிப் பார்த்தேன். தரை அருமையாக வந்தது, லாரிகள் தீப்பெட்டி மாதிரி ஆகிவிட்டன. ஆனால் கிரேன் கெடுத்துவிட்டது. அதன் கால் 620-ஆவது வரிசையில், தலை 150-இல். கணக்குப் போட்டால் காலில் மங்கல் அரை பிக்சல் கூட இல்லை, தலையிலோ உச்ச அளவில் முக்கால் பங்கு, பத்து பிக்சலுக்கும் மேல். ஒரே கம்பத்தின் ஒரு முனை கத்தி மாதிரி கூர்மை, மறுமுனை கரைந்த மெழுகு. அப்படி ஒரு கம்பம் இருக்க வேண்டுமென்றால் அது பின்பக்கமாகச் சாய்ந்து தரையோடு படுத்திருக்க வேண்டும். கண் குழம்பிப்போய், "சின்னப் பொருள்" என்ற நம்பிக்கையையே விட்டுவிடுகிறது. நீங்கள் சொல்கிற "ஃபோகஸ் தப்பிய படம்" அங்கேதான் பிறக்கிறது.

"உண்மையான டில்ட் லென்ஸ் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை" என்று யாராவது கீழே எழுதுவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த லென்ஸில் தெளிவு விழும் தளமே சாய்ந்துதான் இருக்கும், அதனால் அதுவும் உயரமான கட்டடத்தின் தலையைக் கரைக்கக்கூடியதுதான். நாம் போலி செய்ய வேண்டியது அந்த லென்ஸை அல்ல, மேசைமேல் இருக்கும் மாதிரியைக் கிட்டே நின்று எடுத்த சாதாரண கேமராவை.

சரி, தீர்வுக்கு வருகிறேன். எந்த இடத்தில் எவ்வளவு மங்கல் என்பதை ஒரு தனிக் கறுப்பு வெள்ளைப் படமாக வைத்துக்கொள்ளுங்கள், அதை வரைபடம் என்று சொல்கிறேன். கறுப்பு என்றால் தொடாதே, வெள்ளை என்றால் முழு மங்கல். நான் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் கையால் திருத்தி, மங்கலாக்கும் வேலையை, கட்டளை தட்டி இயக்கும் இமேஜ்மேஜிக்கிடம் விடுகிறேன். முதல் வரி சுருக்கிய படத்திலிருந்து வரைபடத்தைச் செய்யும், இரண்டாவது வரி அதை வைத்து மங்கலாக்கும், clean.jpg எது என்று பின்னால் சொல்கிறேன்:

```
magick photo.jpg -sparse-color Barycentric '0,0 black 0,%h white' -solarize 50% -level 50%,0 map.png
magick clean.jpg map.png -compose Blur -define compose:args=14 -composite blurred.png
```

இரண்டு வரிக்கும் நடுவில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இடது பக்கம் ஒரு கட்டடம், அடி 420-ஆவது வரிசையில், கூரை 300-இல். map.png-ஐத் திறந்து, அடியில் இருக்கும் சாம்பல் நிறத்தைப் பிக்கரால் எடுத்து, அந்தக் கட்டடத்தின் உருவம் முழுவதையும் அதே நிறத்தால் நிரப்பினேன். அடியில் 30 சதவீதம் என்றால் கூரையிலும் 30 சதவீதமே. நான் தொடாமல் விட்டிருந்தால் கூரைக்கு 50 போயிருக்கும். இவ்வளவுதான், சுவர் நிமிர்ந்து நின்றுவிட்டது.

கிரேனுக்கு இது போதவில்லை, இங்கேதான் நான் பல மாலைகளைத் தொலைத்தேன். வரைபடத்தில் கிரேனைக் கறுப்பாக வரைந்தால் கிரேன் தெளிவாகிவிடும், உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் தரை மங்கும்போது பக்கத்திலிருக்கும் கிரேனின் மஞ்சளையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கம்பத்தைச் சுற்றி மஞ்சள் புகை படர்ந்த மாதிரி ஒரு வளையம் வந்துவிடும். அதைத் தவிர்க்க நான் கண்ட வழி, படத்தின் ஒரு பிரதியில் குளோன் கருவியால் கிரேனையே அழித்துவிட்டு (அதுதான் மேலே இருக்கும் clean.jpg), அந்த வெறும் தரையை மங்கலாக்கி, அப்புறம் தெளிவான கிரேனைத் தனி லேயராக மேலே வைப்பது. அழித்த இடத்தில் பெரும்பகுதி எப்படியும் மங்கப்போகிறது, அதனால் அங்கே குளோன் வேலை சுத்தமாக இருக்க வேண்டியதில்லை.

கிரேனின் உடம்பு ஜன்னல் ஜன்னலாகக் கம்பிகளால் ஆனது. வெளிவிளிம்பை மட்டும் வெட்டினால் கம்பிகளுக்கு நடுவே தெரியும் தரையும் தெளிவாகவே ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு முக்கோண ஓட்டையையும் மாஸ்க்கில் திறந்துவிட வேண்டும். மஞ்சள் நிறத்தை வைத்துத் தேர்வு செய்து, மிச்சத்தைச் சின்ன பிரஷ்ஷால் சரிசெய்தேன். விளிம்பு மென்மை ஒரு பிக்சலுக்கு மேல் வேண்டாம்.

நிழலையும் கிரேனோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள். முதல் முறை நான் அப்படித்தான் செய்தேன். மங்கிய தரையில் நிழல் மட்டும் கோடு போட்ட மாதிரி தெளிவாகக் கிடந்தது. நிழல் தரையில் படுத்திருக்கிறது, அது தரையின் கணக்கில்தான் சேரும்.

நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுவது, தூரத்துப் புகைமூட்டத்தைக் குறைப்பது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூட்டம் இருந்தால் கண் உடனே "இது வெகுதூரம்" என்று சொல்லிவிடும், அதை மட்டும் விட்டுவைக்காதீர்கள். செங்குத்தாக நேர்கீழே பார்த்து எடுத்த படமாக இருந்தால் இந்த முறையை மறந்துவிடுங்கள். அதில் தரை முழுவதும் ஏறக்குறைய ஒரே தூரம், மேல் கீழ் மங்கலுக்குக் காரணமே கிடையாது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, அந்தப் படத்துக்கு என்ன ஆனது தெரியுமா? அதை நாட்காட்டியில் போட எடுத்துக்கொண்டார்கள். அச்சகத்தில் இருந்தவர் மேலும் கீழும் மங்கலாக இருப்பதைப் பார்த்து ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அந்த இரண்டு பக்கத்தையும் வெட்டி நடுத்துண்டை மட்டும் அச்சடித்துவிட்டார். கிரேனுக்குத் தலையே இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஓட்டை ஓட்டையாகத் திறந்த அந்தத் தலை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அன்றிலிருந்து கோப்பின் பெயரிலேயே "வெட்டக்கூடாது, மங்கல் வேண்டுமென்றே" என்று எழுதி அனுப்புகிறேன். படம் எடுப்பவர்களிடம் ஒரு ஃபோன் போட்டுக் கேட்பதில் அச்சகத்தாருக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உங்கள் படத்தில் மிக உயரமான பொருள் எது, அதன் கால் எந்த வரிசையில், தலை எந்த வரிசையில் விழுகிறது என்று கீழே எழுதுங்கள். எவ்வளவு சாம்பல் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.