நெட் பிளானை மாற்றினால் நாஸ் வேகமாகாது: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் நாஸ் பெட்டிக்குக் கோப்பு ஏற்றினால் நேரம் இழுக்கிறது. பதில்களுக்குப் போவதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு விஷயம். நெட் கம்பெனி விளம்பரத்தில் இருப்பது மெகாபிட், விண்டோஸின் காப்பி ஜன்னலில் ஓடுவது மெகாபைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். கீழே நான் வெறுமனே எம்பி என்று சொன்னால் மெகாபைட்தான். அடுத்தது, வேகம் பார்க்கும்போது ஐந்தாறு ஜிபி அளவுள்ள ஒரே ஒரு வீடியோவை வைத்துப் பாருங்கள். ஒரு ஃபோல்டர் நிறையக் குட்டிக் கோப்புகளை இழுத்துப் போட்டுவிட்டு வேகம் இல்லை என்று எழுதாதீர்கள்.

கேள்வி: என் நாஸ் ரொம்ப ஸ்லோ. என்ன செய்தால் வேகமாகும்?

என்ன மாடல், வயரா வைஃபையா, விநாடிக்கு எத்தனை எம்பி வருகிறது? மூன்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை பார்ப்போம்.

கேள்வி: நாஸுக்குக் காப்பி பண்ணினால் 11 எம்பிக்கு மேல் போகவில்லை. 100 மெகாபிட் பிளானை 300க்கு மாற்றினேன். அப்புறமும் அதே 11தான். நெட் கம்பெனி ஏமாற்றுகிறதா? (மதுரை வாசகர்)

இல்லை. அந்தக் கூடுதல் பணத்தை நீங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். மாதா மாதம் இதே கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து வருகிறது, எனக்கும் எழுதி எழுதிக் கை வலிக்கிறது. உங்கள் லேப்டாப்பிலிருந்து அலமாரியில் இருக்கும் நாஸுக்குப் போகும் கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதில்லை. லேப்டாப், ரூட்டரின் லேன் போர்ட், நாஸ், அவ்வளவுதான் பாதை. நம்பிக்கை வரவில்லை என்றால் ரூட்டரின் செட்டிங்கில் இன்டர்நெட் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு அதே வீடியோவை மறுபடி காப்பி பண்ணுங்கள். அதே 11 வரும். (இதற்காக ஃபைபர் இழையைப் பிடுங்க வேண்டாம். முனையில் தூசி பட்டால் அது தனித் தலைவலி.)

நீங்கள் தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள்: எண்ணை எழுதியிருக்கிறீர்கள். 11 என்பது கையெழுத்து மாதிரி, பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, அதில் பொட்டலங்களின் தலைப்புச் சுமை போக மிஞ்சுவது பதினொன்று சொச்சம். அதாவது பாதையில் எங்கோ ஒரு இணைப்பு கிகாபிட்டில் ஓடாமல் 100 மெகாபிட்டில் ஓடுகிறது. டிஸ்க் மெதுவாக இருந்தால் வேகம் ஏறி இறங்கும். இப்படி 11லேயே ஆணி அடித்தது போல நிற்காது.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். லேப்டாப்பில் பவர்ஷெல் திறந்து இதை அடியுங்கள்:

```
Get-NetAdapter
```

`LinkSpeed` என்ற இடத்தில் `1 Gbps` என்று இருந்தால் உங்கள் பக்கம் சரி. நாஸின் பக்கத்தை அதன் நெட்வொர்க் செட்டிங்கில் பாருங்கள். எந்தப் பக்கம் 100 என்று காட்டுகிறதோ அங்கே முதல் சந்தேகம் வயர். 100 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பியில் நான்கு போதும், 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பி கிரிம்ப் பண்ணும்போது சரியாக உட்காரவில்லை என்றாலும் இரண்டு முனையும் பேசி 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, நெட்டும் நன்றாக ஓடும். சுவருக்குள் எலக்ட்ரீசியன் இழுத்துவிட்டுப் போன வயரில் இது சகஜம். கடையில் ஆயத்தமாக வரும் ஒரு மீட்டர் கேட்5ஈ வயரைப் போட்டுப் பாருங்கள்.

வயரை மாற்றியும் 100 என்றால் பெரும்பாலும் ரூட்டரின் போர்ட்டே 100தான். டூயல் பேண்ட், 1200 என்றெல்லாம் அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் விலை மலிவான ரூட்டர்கள் பலவற்றில் பின்னால் இருப்பது 100 மெகாபிட் போர்ட்டுகள். அப்படியானால் ரூட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி, லேப்டாப்பையும் நாஸையும் அதில் செருகி, ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு வயரை ரூட்டருக்குக் கொடுங்கள். காப்பி ஸ்விட்சுக்குள்ளேயே முடிந்துவிடும், ரூட்டர் வழியாகப் போகாது. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் 110 எம்பி பக்கம் பார்க்கலாம். அப்புறம் அந்த 300 பிளானைப் பழையபடி இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரூட்டர் 1200 மெகாபிட் என்கிறது. நாஸும் லேப்டாப்பும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. 20 எம்பிதான் வருகிறது. (ஈரோடு)

1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கிய விளம்பரக் கணக்கு. ஒரு லேப்டாப் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அந்த 867லும் கோப்பு போகக் கிடைப்பது ஏறத்தாழ பாதி, பக்கத்தில் உட்கார்ந்தால் 50 எம்பி சொச்சம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், நாஸை ரூட்டரோடு இணைத்திருப்பது ரிப்பீட்டர் மூலம் என்று. முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். ஒவ்வொரு துண்டும் லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு ஒரு முறை, ரூட்டரிலிருந்து ரிப்பீட்டருக்கு இன்னொரு முறை, ஒரே சேனலில் காற்றில் பறக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா இருக்க வேண்டும். பாதியில் பாதிதான் மிஞ்சும்.

நாஸை ரூட்டர் பக்கத்தில் வைத்து வயரில் இணையுங்கள். லேப்டாப் வைஃபையில் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு முனையில் ஒன்றாவது வயரில் இருக்க வேண்டும், இதை நான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். லேப்டாப் சத்தமில்லாமல் 2.4க்கு இறங்கியிருக்கிறதா என்று `netsh wlan show interfaces` அடித்துப் பாருங்கள். சேனல் 1 முதல் 13க்குள் இருந்தால் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: 12 ஜிபி ஃபோல்டர் ஏற அரை மணி ஆகிறது. அதே நாஸுக்கு 12 ஜிபி வீடியோ இரண்டு நிமிடத்தில் போகிறது. நாஸ் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஃபோல்டரில் எத்தனை கோப்பு? அறுபதாயிரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறை நாஸிடம் போய், இந்தப் பெயரில் உருவாக்கு, எழுது, தேதியைப் பதி, மூடு என்று பல முறை கேட்டுப் பதில் வாங்க வேண்டும். கோப்பு ஒன்றுக்கு 30 மில்லிவிநாடி என்றாலே அறுபதாயிரத்துக்கு அரை மணி வந்துவிட்டது. வீடியோவுக்கு இந்தச் சடங்கு ஒரு தடவைதான். வைஃபையில் ஒவ்வொரு கேள்வி பதிலும் இன்னும் தாமதமாகும் என்பதால் அங்கே ஒரு மணி தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

அடிக்கடி தேவைப்படாத பழைய கோப்புகள் என்றால் லேப்டாப்பிலேயே ஒரு ஜிப்பாகக் கட்டி ஏற்றுங்கள். தனித்தனியாக வேண்டுமென்றால் எக்ஸ்ப்ளோரரை விட்டுவிட்டு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளைக்கு வாருங்கள். பதினாறு கோப்பை ஒரே சமயத்தில் அனுப்பும், காத்திருப்பு ஒன்றன் மேல் ஒன்றாக மடிந்துவிடும்.

```
robocopy D:\Photos \\192.168.1.20\photos /E /MT:16 /R:1 /W:1
```

முகவரியை உங்கள் நாஸுக்கு ஏற்ப மாற்றுங்கள். கட் பண்ணி ஒட்டாதீர்கள். காப்பி முடிந்து, திறந்து பார்த்து, அப்புறம்தான் மூலத்தை அழிக்க வேண்டும்.

கேள்வி: தொடக்கத்தில் 110 எம்பி. முப்பது நாற்பது ஜிபி போனதும் 15க்கு விழுகிறது, சில சமயம் பூஜ்யத்தில் நின்று மறுபடி ஓடுகிறது. எல்லாமே வயர்தான். (சேலம்)

இப்படி எழுதினால்தான் பதில் சொல்ல முடியும். முதலில் நெட்வொர்க்கைக் கழித்துவிடுவோம். நாஸில் iperf3 என்ற வேகம் அளக்கும் நிரலை `iperf3 -s` என்று ஓடவிட்டு, லேப்டாப்பில் `iperf3 -c 192.168.1.20 -t 300` அடியுங்கள். இது நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குப் போகிறது, டிஸ்க்கைத் தொடாது. ஐந்து நிமிடமும் 940 மெகாபிட் சொச்சத்தில் நின்றால் வயர் குற்றவாளி இல்லை.

மிஞ்சுவது டிஸ்க். நீங்கள் சொல்லும் அறிகுறி எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குக்கு அப்படியே பொருந்துகிறது. அதில் தடங்கள் ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். அதனால் வருவதை எல்லாம் முதலில் ஒரு சாதாரணப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது இடம் மாற்றும். அந்தப் பகுதி நிறைந்ததும் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யத் திணறுகிறது. ராத்திரி சும்மா விட்டுவிட்டுக் காலையில் காப்பி பண்ணினால் மறுபடி 110ல் தொடங்கும், படிக்கும்போது வேகம் குறையாது. இரண்டும் சரியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பாருங்கள். நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் வெளிப்படையாகச் சொன்னது 2020இல். `WD40EFAX` அதில் ஒன்று. அதற்குப் பிறகு வந்த ரெட் பிளஸ் வரிசை, தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை. படம் பாட்டு மட்டும் வைத்திருந்தால் எஸ்எம்ஆரோடு காலம் தள்ளலாம். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டில் போட்டிருந்தால் மாற்றுங்கள், ஒரு டிஸ்க் போய் மீண்டும் கட்டும்போது நாள் கணக்கில் இழுக்கும்.

கேள்வி: பழைய லேப்டாப்பில் 100 எம்பி வந்தது. புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் 60தான். நண்பர் எஸ்எம்பி1ஐ ஆன் பண்ணச் சொல்கிறார்.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2017இல் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பியின் பழைய பதிப்பான அந்த எஸ்எம்பி1இன் ஓட்டை வழியாகத்தான். நாஸின் ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, இதை அடித்துப் பார்த்து எழுதுங்கள்:

```
Get-SmbConnection | Select ServerName, Dialect, Signed, Encrypted
```

விண்டோஸ் 11 ப்ரோ, எஜுகேஷன், என்டர்பிரைஸில் 24H2 பதிப்பு முதல் எஸ்எம்பியில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். காப்பி ஓடும்போது நாஸின் கண்காணிப்புப் பக்கத்தில் பிராசஸர் நூறு சதவீதத்தைத் தொட்டால் அந்தக் கையொப்பக் கணக்கைப் போட அது திணறுகிறது. கையொப்பத்தை அணைக்காதீர்கள். `Encrypted` என்ற இடத்தில் `True` இருந்தால், வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தும் பகிர்வுக்கு அந்தக் குறியாக்கத்தை நாஸில் எடுத்துவிடுங்கள். அதுவே பெரிய சுமை.

கேள்வி: வீட்டில் உட்கார்ந்து நாஸின் ஆப் வழியாகப் படம் ஏற்றுகிறேன். நெட் போனால் அதுவும் நின்றுவிடுகிறதே? நெட்டுக்குச் சம்பந்தமில்லை என்கிறீர்களே!

நீங்கள் ஆப்பில் கொடுத்திருப்பது நாஸ் கம்பெனியின் கிளவுட் முகவரி. கோப்பு அவர்கள் சர்வர் வரை போய்த் திரும்ப வாய்ப்பு உண்டு, அப்போது உங்கள் அப்லோட் வேகம்தான் எல்லை. வீட்டில் இருக்கும்போது 192.168 என்று தொடங்கும் உள் முகவரியைக் கொடுங்கள்.

கேள்வி: ஜம்போ ஃபிரேம் போட்டால் வேகம் கூடுமா? டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்கலாமா?

கிகாபிட் வயரில் 110 ஏற்கெனவே வருகிறது என்றால் இரண்டும் வீண் செலவு, வீண் வேலை. 110 வரவில்லை என்றால் முதலில் மதுரைக்காரருக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.