அச்சா என்றால் சரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லக்னோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. குளியலறை கீசர் கெட்டுப்போய்விட்டது என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் போனில் சொன்னேன். "அச்சா" என்றார். மூன்று நாளாகப் பச்சைத்தண்ணீர்தான் என்றேன். "அச்சா?" என்றார். ஆள் அனுப்புங்கள் என்றேன். "அச்சா அச்சா, தேக்தே ஹைன்" என்று வைத்துவிட்டார். மூன்று வாரமாகியும் யாரும் வரவில்லை. அச்சா என்றால் 'நல்லது, சரி' என்றுதானே இந்திப் புத்தகத்தில் இருக்கிறது? அது சமஸ்கிருதச் சொல்லா? வடக்கத்தியர்களே வாக்கு மாறுகிறவர்களா?

வாசகி, லக்னோ

அன்புள்ள வாசகிக்கு,

லக்னோ குளிரில் மூன்று வாரம் பச்சைத்தண்ணீர் என்பதைப் படிக்கவே பாவமாக இருந்தது. ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் வாக்கே கொடுக்கவில்லை, பிறகு எங்கே மாறுவது? சமஸ்கிருத மூலத்தைத் தெரிந்துகொண்டு கீசருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, அதை விடுங்கள்.

தப்பு அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. சொல்லுக்கு எதிரே ஒரு பொருளை அச்சடித்துவிட்டு, ராகத்தை விட்டுவிடுகிறார்கள். 'நல்ல' என்று பொருள்படும் அச்சா வேறு. அது பக்கத்திலிருக்கும் பெயருக்கு ஏற்ப உருமாறும்: நல்ல பையன் என்றால் அச்சா லட்கா, நல்ல பெண் என்றால் அச்சீ லட்கீ, நல்ல மனிதர்கள் என்றால் அச்சே லோக். பேச்சின் நடுவே தனியாக வந்து விழும் அச்சா எதற்காகவும் உருமாறாது. 'நீ சொன்னது என் காதில் விழுந்தது' என்பதுதான் அதன் அடிப்படை. நம் 'ம்' கொட்டுவதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதை நீங்கள் 'சரி'க்குப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள்.

மற்றதெல்லாம் கடைசி 'சா'வில் இருக்கிறது. உங்கள் போன் பேச்சையே எடுத்துக்கொள்வோம். முதல் அச்சாவில் 'சா' குட்டையாகக் கீழே இறங்கியிருக்கும். கேட்டுக்கொண்டேன், மேலே சொல் என்று அர்த்தம். இரண்டாவதில் 'சா' மேலே ஏறியிருக்கும். நாம் 'அப்படியா?' என்போமே, அது. இதைக் கேட்டதும் நம்மவர்கள் 'என்னைப் பொய் சொல்கிறாள் என்கிறாரே' என்று சுருங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். சட்டென்று எகிறினால் பெரும்பாலும் வியப்பு. பின்னாலேயே 'கப் ஸே?' (எப்போதிலிருந்து?) என்று ஒரு கேள்வி வரும். தாழ்வாகத் தொடங்கி, இழுபட்டு, முடிவில் கொஞ்சமாகத் தூக்கினால் சந்தேகம். பின்னால் மௌனம் வரும், அல்லது 'பக்கா?' என்பார்கள். இரண்டுக்குமே "ஹான் ஜீ, தீன் தின் ஸே", அதாவது ஆமாங்க, மூன்று நாளாக என்று சொன்னதையே நிதானமாகத் திரும்பச் சொன்னால் போதும். 'சா' நீண்டு ஏறி இறங்கி 'அச்சாஆஆ' என்று வந்தால், 'ஓஹோ, இப்போதுதான் புரிகிறது' என்பது.

மூன்றாவதுதான் உங்களைக் கவிழ்த்தது. இரண்டு தடவை சொன்னால் இரண்டு மடங்கு சம்மதம் என்று எண்ணிவிட்டீர்கள். ஒரே உயரத்தில், இடைவெளி இல்லாமல், வேகமாக வரும் 'அச்சா அச்சா' என்பது 'புரிந்தது, போதும்' என்று வாயை மூடவைப்பது. வீட்டில் அம்மா நச்சரிக்கும்போது நீங்கள் சொல்லும் 'சரி சரி' எந்த ராகம்? அதேதான். பின்னால் வந்த 'தேக்தே ஹைன்' வெறும் 'பார்ப்போம்'. இதே இரட்டை, நடுவே சற்று நின்று இரண்டாவது நீண்டு 'அச்சா... அச்சாஆ!' என்று வந்தால் அடையாளம் பிடிபட்ட சந்தோஷம்: 'அட, அவரா!'

சம்மதத்துக்கு அங்கே வேறு சொல் இருக்கிறது: 'டீக் ஹை'. அச்சாவே சம்மதமாகும் இடமும் உண்டு, முன்னால் 'ஜீ' வந்தால் அது தெளிவு. பெரியவர் ஒரு வேலை சொல்ல, சின்னவர் தணிந்த குரலில் 'ஜீ அச்சா' என்றால் 'ஆகட்டுங்க' என்று பொருள். அதையே திருப்பிப் போட்டு, 'ஜீ'யை உயர்த்தி 'அச்சா ஜீ?' என்றால் 'ஓஹோ, அப்படியாக்கும்!' என்கிற சீண்டல். உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வயதில் மூத்தவராக இருப்பார், உங்களிடம் 'ஜீ அச்சா' சொல்லமாட்டார். அதற்குக் காத்திருக்காதீர்கள்.

நாளைக்குக் கூப்பிட்டு, 'ஆள் அனுப்புங்கள்' என்று மொட்டையாக முடிக்காமல் நாளையும் நேரத்தையும் கேளுங்கள்: "கல் ஸுபஹ் தஸ் பஜே பேஜ் தேங்கே?" நாளைக் காலை பத்து மணிக்கு அனுப்புவீர்களா என்று. 'அச்சா' என்று மட்டும் வந்தால், "தோ டீக் ஹை, தஸ் பஜே?" என்று இன்னொரு தரம் கேட்டு, 'ஹான்' அல்லது 'டீக் ஹை' வாங்குங்கள். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 'அச்சா, தோ ஃபிர்...' என்று அவர் இழுக்கத் தொடங்கினால் அது விடைபெறும் அச்சா, போனை வைக்கப்போகிறார்.