சம்பளம் கூடினால் கையில் வருவது குறையுமா?

கேள்வி: மாதச் சம்பளம் 6,750 வெள்ளி. 500 வெள்ளி கூட்டித் தருகிறேன் என்கிறார் மேனேஜர். "19 விழுக்காட்டு வரிக்குப் போயிடுவ, கையில வர்றது குறைஞ்சிடும், வேண்டாம்னு சொல்லிடு" என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். வாங்கலாமா, வேண்டாமா?

தயங்காமல் வாங்குங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன், உயர்வுக் கடிதம் வரும் மாதமெல்லாம் இதே பேச்சுதான்.

உங்கள் கணக்கையே போட்டுவிடலாம். ஆண்டுச் சம்பளம் 81,000. அதில் தனிநபர் விலக்கு 9,000, இபிஎஃப் விலக்கு 4,000 கழிந்தால் வரிக்குரிய வருமானம் 68,000. வேறு சின்ன விலக்குகளை விட்டுவிடுகிறேன். இப்போதைய மலேசிய வரி விகிதப்படி முதல் 50,000க்கு மொத்த வரி 1,500. அதற்கு மேல் 70,000 வரை உள்ள பகுதிக்கு மட்டும் 11 விழுக்காடு, 70,000க்கு மேல் 1,00,000 வரை 19. ஆக, உங்கள் 18,000க்கு 1,980 சேர்ந்து இப்போதைய வரி 3,480.

உயர்வுக்குப் பிறகு வரிக்குரிய வருமானம் 74,000. கூடுதலாக வந்த 6,000இல் முதல் 2,000 இன்னும் 11 விழுக்காட்டுப் பகுதியில்தான் விழுகிறது: 220 வெள்ளி. மீதி 4,000க்குத்தான் 19 விழுக்காடு: 760. வரி 980 கூடுகிறது. இபிஎஃப்புக்கு 660 போகும், அதுவும் உங்கள் பணம்தான். கையில் ஆண்டுக்கு 4,360 வெள்ளி, மாதம் சுமார் 363 கூடுதலாக வரும். பழைய 68,000ஐ யாரும் தொடவில்லை, அதற்கு அதே 3,480தான்.

கடைசியாக வந்த வெள்ளிக்கு விதிக்கப்படும் 19 விழுக்காடுதான் விளிம்பு வரி விகிதம். மொத்த வரி 4,460ஐ 74,000ஆல் வகுத்தால் வருவது சராசரி விகிதம், 6 விழுக்காடு. உங்கள் நண்பர்கள் முன்னதைப் பிடித்துக்கொண்டு மொத்த வருமானத்தையும் அதால் பெருக்குகிறார்கள். அப்படிப் பெருக்கினால் 68,000க்கு 7,480, 74,000க்கு 14,060. வரி 6,580 கூடிவிடும், உயர்வோ 6,000தான். அந்தக் கணக்கு சரியென்றால் அவர்கள் பயமும் நியாயம்தான். நல்லவேளை, சட்டம் அப்படி இல்லை.

இந்தப் பயம் போகாததற்கு போனஸ் மாதச் சம்பளச் சீட்டும் ஒரு காரணம். மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிக்கும் வரியான பிசிபி உங்களுக்கு வழக்கமாக 290 வெள்ளி அளவில் இருக்கும். ஒரு மாதச் சம்பளம் போனஸாக வந்தால், அதனால் ஆண்டு முழுவதற்கும் கூடும் வரியை அந்த ஒரே மாதத்தில் பிடித்துவிடுவார்கள். 6,750 போனஸுக்கு அது 1,122.50. சீட்டில் பிசிபி 1,412.50 என்று நிற்கும். போன வருஷம் ஒரு தம்பி சீட்டை என் மேசையில் போட்டு, "அண்ணே, போனஸ்ல பாதிய வரியே தின்னுடுச்சு" என்றார். பாதியெல்லாம் இல்லை. இபிஎஃப் போன பிறகும் அந்த போனஸில் 4,880 வெள்ளிக்கு மேல் கையில் வந்திருந்தது. அடுத்த மாதம் பிசிபி பழையபடி 290.

ஆனால் ஒருபோதும் குறையாது என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஓர் இடம் இருக்கிறது. வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாதவருக்கு வரியிலிருந்து நேராக 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. 35,000இல் வரி 600, தள்ளுபடி போக 200 கட்டினால் போதும். 35,100 ஆனால் தள்ளுபடி முழுசாகப் போய் 606 கட்ட வேண்டும். நூறு வெள்ளி கூடச் சம்பாதித்து 406 கூடக் கட்டுவது! இது விகிதத்தின் வேலை இல்லை, தள்ளுபடி படிப்படியாகக் குறையாமல் ஒரே கோட்டில் அறுந்துபோவதால் வருவது.

மேலே சொன்ன இரண்டு விலக்குகள் மட்டும் உள்ளவருக்கு அந்தக் கோடு மாதச் சம்பளம் 4,000இல் வரும். அங்கே நிற்பவருக்கு மாதம் 40 வெள்ளிக்கும் குறைவாக உயர்வு கொடுத்தால், இபிஎஃப்பும் சேர்ந்து, கையில் வருவது உண்மையிலேயே கொஞ்சம் குறையும். 50 வெள்ளி கொடுத்தாலே தப்பிவிடுவார். அதற்கும் உயர்வை மறுக்கத் தேவையில்லை. புத்தகம், கைப்பேசி வாங்கிய செலவு, இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,500 வெள்ளி வரை வாழ்க்கைமுறை விலக்கு இருக்கிறது. ரசீதுகளை எடுத்து வைத்து பிஇ வருமான வரிப் பாரத்தில் போட்டால் வருமானம் மறுபடி 35,000க்குள் இறங்கிவிடும், 400ம் திரும்பிவிடும்.