மகளுக்கு வேண்டியது இன்னொரு பட்டம் அல்ல, சரியான கட்டணம்

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் வேலையை விட்டு மூன்று ஆண்டுகளாக, இயந்திரங்களுக்கும் மென்பொருள்களுக்கும் பயன்பாட்டுக் கையேடு எழுதித் தருகிறார். வேலைக்குக் குறைவில்லை, நள்ளிரவு வரை உட்கார்ந்து எழுதுகிறார். ஆனாலும் கையில் நிற்பது பழைய சம்பளத்தைவிடக் குறைவு. சித்தப்பாவும் அத்தையும் "ஒரு எம்.பி.ஏ. முடித்தால் கௌரவமான வேலையில் உட்காரலாம்" என்கிறார்கள். கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கவலை நியாயமானதுதான். ஆனாலும் சேர்க்காதீர்கள். தேடி வேலை வராதவருக்குத்தான் தகுதி போதுமா என்ற சந்தேகம் எழ வேண்டும். உங்கள் மகளுக்கு வேலை வந்து குவிகிறது, பணம்தான் வரவில்லை. அது கட்டணத்தில் உள்ள கோளாறு. அதை எந்தப் பட்டமும் சரிசெய்யாது. படிப்புக் கட்டணம், கடன் வட்டி, படிக்கும் காலம் முழுவதும் நின்றுபோகும் வருமானம், அதற்குள் வேறு ஆளிடம் போய்விடும் வாடிக்கையாளர்கள் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கடனை உறவினர்கள் யாரும் கட்டப்போவதில்லை. அதோடு, "புது இயந்திரம் ஒன்று வந்தால் அது எப்படி ஓடுகிறது என்று புரியும்வரை தூங்க மாட்டாள்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆர்வம்தான் அவருடைய மூலதனம். அதிலிருந்து அவரைப் பெயர்த்தெடுக்க நான் உடன்பட மாட்டேன்.

சரி, கோளாறு எங்கே? பழைய சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து, அதையே தன் கட்டணமாக வைத்தார் என்கிறீர்கள். பலரும் செய்வது இதைத்தான். ஆண்டுச் சம்பளம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வாரம் 40 மணி வீதம் 52 வாரத்துக்கு 2,080 மணி. 100-ஐ 2,080-ஆல் வகுத்தால் அவர் வைத்த கட்டணம் வரும். ஆனால் அந்த 2,080 மணியில் விடுப்பு, பண்டிகை, காய்ச்சல் நாள் எல்லாவற்றுக்கும் முதலாளி சம்பளம் கொடுத்தார். இப்போது யாரும் கொடுப்பதில்லை. அவற்றுக்கு 6 வாரம் கழித்தால் மிஞ்சுவது 1,840 மணி. அதிலும் விசாரணைக்குப் பதில் சொல்வது, கணக்கு எழுதுவது, பாக்கி கேட்பது, புதிதாகக் கற்பது ஆகியவற்றுக்கு எந்த வாடிக்கையாளரும் பணம் தருவதில்லை. பணமாகும் நேரம் சுமார் 60 சதவீதம் என்றால் 1,100 மணிதான் வரும். அடுத்து, கணினி, மென்பொருள் சந்தா, காப்பீடு, ஓய்வுக்கால சேமிப்பு, வேலை வராத மாதத்துக்கான கையிருப்பு ஆகியவற்றுக்கு 30 பங்கு சேருங்கள். 130-ஐ 1,100-ஆல் வகுத்தால், அவர் இப்போது வாங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வருகிறது. பழைய சம்பளத்துக்குச் சமமாக நிற்பதற்கே இவ்வளவு வேண்டும். இதற்குக் கீழே இறங்கினால் சொந்தக் கையிருப்பைக் கரைத்து ஊருக்கு உழைப்பதாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் ஆண்டில் 60 மணி எடுத்த கையேட்டை இப்போது 36 மணியில் முடிக்கிறாராம். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவதால், அதே கையேட்டுக்கு வருமானம் 40 சதவீதம் குறைந்துவிட்டது. அனுபவம் கூடக்கூட வருமானம் குறையும் ஏற்பாடு இது. அதனால் இனி முழு வேலைக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்லட்டும்.

ஒரே தொகை என்றதும் அவருக்குப் பயம் வரும். வேலை இழுத்துக்கொண்டே போனால் என்ன செய்வது? அதற்குத்தான் முன்னாய்வு, அதாவது தொகை சொல்வதற்கு முன் வேலை எவ்வளவு என்று அளந்து பார்ப்பது. பெரும்பாலோர் இதை இலவசமாகச் செய்து கொடுக்கிறார்கள், அல்லது செய்யாமலே தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். புதிய வாடிக்கையாளர் வந்தால் முதலில் இரண்டு நாள் வேலையாக, தனிக் கட்டணத்தில், முன்பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்யட்டும். முதல் நாள், இயந்திரத்தை வடிவமைத்த பொறியாளரிடம் ஒரு மணி நேரம், பழுது அழைப்புகளை எடுக்கும் ஊழியரிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும். அந்த ஊழியரிடம் பேசுவதைத் தவறவிடவே கூடாது. பயனர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். இரண்டாம் நாள், அத்தியாயப் பட்டியல், ஒவ்வொன்றிலும் எத்தனை படிநிலைகள், எத்தனை படங்கள், எந்தத் தகவல் இன்னும் கிடைக்கவில்லை, அதை யார் எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று நாலைந்து பக்கம் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் முழு வேலைக்கான தொகையும், இரண்டு முறை திருத்தம் அதில் அடங்கும், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம் என்ற வரியும் இருக்கட்டும். அந்த அறிக்கை வாடிக்கையாளருக்கே சொந்தம். விரும்பினால் வேறு ஆளிடம்கூட அதைக் கொடுத்து எழுதி வாங்கலாம். இப்படிச் சொல்லும்போதுதான் அவர்களுக்கு நம்பிக்கை வரும். இரண்டு நாளுக்குப் பணம் தரத் தயங்குகிறவர், இரண்டு மாத வேலைக்கும் இழுத்தடிக்கத்தான் செய்வார். அது முன்கூட்டியே தெரிந்துவிடுவது நல்லது.

அப்புறம், கட்டணத்தை உயர்த்துவது. புதிதாக வருகிறவரிடமிருந்து தொடங்க வேண்டும். பழைய கட்டணம் அவருக்குத் தெரியாது. தொகையைச் சொன்ன மாத்திரத்தில் மறுபேச்சில்லாமல் எல்லோரும் சம்மதித்தால் மகள் இன்னும் குறைவாகவே கேட்கிறார் என்று அர்த்தம். கேட்பவர்களில் பாதிப்பேர் யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ளும் இடம்வரை படிப்படியாக ஏற்றலாம். இரண்டு மூன்று பேர் புதிய தொகையைக் கொடுத்த பிறகு பழையவர்களுக்கு எழுதட்டும். கையிலுள்ள வேலை முடியும் தறுவாயில், இரண்டு மாத அவகாசம் கொடுத்து, இவ்வளவு எழுதினால் போதும்: "இன்ன தேதியிலிருந்து தொடங்கும் வேலைகளுக்கு என் கட்டணம் இவ்வளவு. அதற்கு முன் ஒப்புக்கொண்டவை பழைய கட்டணத்திலேயே முடியும்." வீட்டுச் செலவு கூடிவிட்டது, விலைவாசி ஏறிவிட்டது என்று காரணம் எழுத வேண்டாம். எழுதினால் பேரத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும். கட்டுப்படியாகவில்லை என்று யாராவது சொன்னால் வேலையின் அளவைக் குறைக்கலாம். படங்களை அவர்களே தயாரிக்கட்டும், திருத்தம் ஒருமுறையோடு நிற்கட்டும். அதே வேலையைக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஆள் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நீங்கள் பயப்படுவீர்கள். சம அளவில் வேலை தருகிற ஐந்து பேர் இருக்கிறார்கள், கட்டணம் 25 சதவீதம் ஏறுகிறது, ஒருவர் போய்விடுகிறார். மொத்த வருமானம் பழைய அளவிலேயே நிற்கும், வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். புதிய வாடிக்கையாளரைத் தேட அந்த நேரம் போதும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பொறுத்திருக்கச் சொல்வேன். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்திலிருந்து வருகிறதா என்று மகளிடம் கேளுங்கள். ஆம் என்றால், அந்த நிறுவனத்துக்கான கடிதம் கடைசியாகப் போகட்டும், அதுவும் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றாகக் குறைந்த பிறகு.